ஃபேக்ட் ஷீட்டில் ஒரு 14.8: திட்ட விலக்கம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருக்கும் குடும்பத்தின் மூத்த பெண், வேலைக்குச் சேர்ந்து முதன்முதலாகக் கைக்கு வந்த போனஸில் ஒரு லட்சம் ரூபாயைப் பங்குச் சந்தை சார்ந்த ஒரு மியூச்சுவல் ஃபண்டில் போட எண்ணியிருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அந்தத் திட்டத்தின் மாதாந்திர விவரத் தாளான ஃபேக்ட் ஷீட்டைக் கைப்பேசியில் திறந்து என்னிடம் நீட்டி, "மாமா, இதுல Standard Deviation 14.8னு போட்டிருக்கே, இது வருஷத்துக்கு வர்ற லாபமா?" என்று கேட்டாள். லாபம் இல்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அந்த எண்ணை நஷ்டத்தின் உச்சவரம்பு என்று நினைத்துக்கொள்பவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இது முதல் தவற்றைவிட ஆபத்தானது. ஆகவே, பேனாவும் தாளும் எடுத்து உட்கார்ந்து அவளுக்குப் போட்டுக் காட்டிய கணக்கை இங்கே எழுதுகிறேன்.

தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு இது பத்தாம் வகுப்புக் கணக்குப் பாடத்தில் வந்த திட்ட விலக்கம்தான். ஒரு தொகுதியில் உள்ள எண்கள் தங்களுடைய சராசரியிலிருந்து பொதுவாக எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்பதை ஒரே எண்ணில் சொல்வதே அதன் வேலை. முதலீட்டில் அந்த எண்கள் ஆண்டு வருமானமாகவோ, மாத வருமானமாகவோ, தினசரி வருமானமாகவோ இருக்கலாம்.

கற்பனை எண்களை வைத்துச் சொல்வதைவிட, தலால் தெருவின் சென்செக்ஸ் குறியீடு உண்மையில் கடந்துவந்த ஐந்து ஆண்டுகளையே எடுத்துக்கொள்வோம். 2008 முதல் 2012 வரை, டிசம்பர் முடிவிலிருந்து அடுத்த டிசம்பர் முடிவு வரை, ஈவுத்தொகையைச் சேர்க்காமல், முழு எண்ணாக்கிப் பார்த்தால் வருமானம் இப்படி இருந்தது:

| ஆண்டு | வருமானம் (%) | சராசரியிலிருந்து விலகல் | விலகலின் வர்க்கம் |
|---|---|---|---|
| 2008 | −52 | −61.4 | 3,770 |
| 2009 | +81 | +71.6 | 5,127 |
| 2010 | +17 | +7.6 | 58 |
| 2011 | −25 | −34.4 | 1,183 |
| 2012 | +26 | +16.6 | 276 |

ஐந்து வருமானங்களையும் கூட்டினால் 47. ஐந்தால் வகுத்தால் சராசரி 9.4 சதவீதம். ஒவ்வோர் ஆண்டின் வருமானத்திலிருந்தும் இந்த 9.4-ஐக் கழித்தால் கிடைப்பது மூன்றாம் பத்தியில் உள்ள விலகல். இந்த விலகல்களை அப்படியே கூட்டிச் சராசரி எடுக்கலாமே என்று தோன்றும். எடுத்தால் விடை எப்போதும் பூஜ்யம்தான் வரும், ஏனென்றால் சராசரிக்கு மேலே போனவையும் கீழே போனவையும் சரியாக ஒன்றையொன்று அடித்துவிடும். அதனால்தான் ஒவ்வொரு விலகலையும் அதே எண்ணால் பெருக்கி வர்க்கமாக்குகிறோம், குறைக்குறிகள் மறைந்துவிடுகின்றன. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 10,414. இதை நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 51.0 கிடைக்கிறது. இதுவே அந்த ஐந்து ஆண்டுகளின் திட்ட விலக்கம்.

ஐந்து ஆண்டுகள் இருக்க நான்கால் ஏன் வகுக்க வேண்டும் என்று அவளும் கேட்டாள். ஐந்து ஆண்டுகள் என்பது ஒரு நீண்ட கதையிலிருந்து நாம் கிள்ளியெடுத்த மாதிரி மட்டுமே. சராசரியையும் அதே ஐந்து எண்களிலிருந்தே கணக்கிட்டுவிட்டதால் விலகல்கள் உண்மையைவிடச் சற்றுச் சிறியதாகத் தெரியும், அதை ஈடுகட்டத்தான் ஒன்றைக் குறைத்து வகுக்கிறோம். எக்செலில் வருமானங்களை B2 முதல் B6 வரை இட்டு, கீழுள்ள முதல் வரியை எழுதினால் 51.0 வரும், ஐந்தாலேயே வகுக்கும் இரண்டாம் வரியை எழுதினால் 45.6 வரும்.

```
=STDEV.S(B2:B6)
=STDEV.P(B2:B6)
```

இப்போது அட்டவணையின் கடைசிப் பத்தியை மறுபடியும் பாருங்கள். மொத்தம் 10,414-இல் 2009-ஆம் ஆண்டு மட்டும் 5,127-ஐக் கொடுத்திருக்கிறது, ஏறத்தாழப் பாதி. அந்த ஆண்டில் சென்செக்ஸ் 81 சதவீதம் ஏறியது. எந்த முதலீட்டாளரும் அதைக் கண்டு தூக்கம் கெட்டிருக்க மாட்டார். ஆனால் திட்ட விலக்கத்துக்கு ஏற்றமும் ஒன்றுதான், இறக்கமும் ஒன்றுதான். சராசரியை விட்டு விலகினால் போதும், கணக்கில் ஏற்றிவிடும். 1952-இல் வருமானத்தையும் அதன் சிதறலையும் சேர்த்துவைத்து முதலீட்டுத் தொகுப்பை அமைக்கும் முறையை வகுத்து, 1990-இல் அதற்காக நோபல் பரிசு பெற்ற ஹாரி மார்க்கோவிட்ஸுக்கே இந்தக் குறை தெரிந்திருந்தது. கீழ்நோக்கிய விலகல்களை மட்டும் எண்ணும் ஓர் அளவையையும் அவர் பின்னர் ஆராய்ந்தார், ஆனால் இரு பக்கத்தையும் எண்ணுவதுதான் கணக்கிட எளிது என்பதால் அதுவே நிலைத்துவிட்டது.

அப்படியானால் ஏற்றத்தையும் ஆபத்து என்று எண்ணும் இந்த அளவை எதற்கு? இங்கேதான் புதிய முதலீட்டாளர் அறிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி இருக்கிறது. அதே ஐந்து ஆண்டுகளின் சராசரி வருமானம் 9.4 சதவீதம் என்றோம். அப்படியென்றால் 2007 டிசம்பர் முடிவில் போட்ட 100 ரூபாய், 2012 டிசம்பர் முடிவில் 150 ரூபாயைத் தாண்டியிருக்க வேண்டும் அல்லவா? நூறு ரூபாயின் பயணத்தைத் தொடர்ந்து பார்ப்போம். 2008-இல் 52 சதவீதம் இழந்து 48 ரூபாயாகிறது. 2009-இல் 81 சதவீதம் ஏறி ஏறத்தாழ 87 ஆகிறது. அடுத்த ஆண்டு 101 ரூபாய் சொச்சத்துக்கு வந்து, 2011-இல் 76-க்கு விழுந்து, 2012 முடிவில் 96 ரூபாயில் நிற்கிறது. சராசரி 9.4 சதவீத லாபம் காட்டிய ஐந்து ஆண்டுகளின் முடிவில் கையில் இருப்பது போட்ட பணத்தைவிடக் குறைவு!

இதில் கண்கட்டு வித்தை எதுவும் இல்லை. 100 ரூபாய் 48 ஆன பிறகு, விட்டதைப் பிடிக்க 52 சதவீதம் போதாது. 108 சதவீதம் ஏற வேண்டும். இறக்கம் பெரிய தொகையின் மீது நிகழ்கிறது, அதை ஈடுசெய்ய வேண்டிய ஏற்றமோ சுருங்கிப்போன தொகையின் மீது நிகழ்கிறது. ஊசலாட்டம் எவ்வளவு அகலமோ அவ்வளவு சராசரி வருமானத்தை அது அரித்துத் தின்றுவிடும். எவ்வளவு அரிக்கும் என்பதற்கு ஒரு தோராயமான கணக்கு உண்டு: திட்ட விலக்கத்தின் வர்க்கத்தில் பாதி. இந்தக் கணக்குக்கு ஐந்தால் வகுத்து வந்த 45.6 சதவீதத்தை, அதாவது 0.456-ஐ எடுத்துக்கொள்வோம்; அதன் வர்க்கம் 0.208, பாதி 0.104, அதாவது 10.4 சதவீதம். சராசரியான 9.4-இலிருந்து 10.4-ஐக் கழித்தால் ஆண்டுக்கு ஒரு சதவீத இழப்பு. 100 ரூபாய் ஐந்தாண்டில் 96 ஆனதும் ஏறத்தாழ அந்த வேகத்தில்தான்.

மேல்நோக்கிய விலகலையும் சேர்த்தே எண்ணும் அளவை இந்த இடத்தில் தன் பயனைக் காட்டுகிறது. சராசரி வருமானத்தை மட்டும் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போட்டால், பக்கத்தில் திட்ட விலக்கம் எவ்வளவு என்று தேட வேண்டியது இதற்காகத்தான். இரண்டும் தெரிந்தால் சராசரியில் எவ்வளவு உண்மையில் கைக்கு வரும் என்று ஒரு மதிப்பீடு செய்துகொள்ளலாம்.

அதே சென்செக்ஸின் இன்னோர் ஐந்தாண்டு இதற்கு நேர் மாறானது. 2020 முதல் 2024 வரை ஆண்டு வருமானங்கள் 16, 22, 4, 19, 8. சராசரி 13.8. மேலே செய்தபடியே கணக்கிட்டால் திட்ட விலக்கம் வெறும் 7.6. அரிப்பும் மிகச் சிறிது. 100 ரூபாய் 189 ரூபாய் ஆனது, அதாவது ஆண்டுக்கு 13.6 சதவீதக் கூட்டு வளர்ச்சி. சராசரிக்கும் கைக்கு வந்ததற்கும் இடையே கால் சதவீத வித்தியாசம்கூட இல்லை.

இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே எழுதிக் காட்டியதும் அவள், "அப்போ 2020லேர்ந்து சந்தை அமைதியாதான் இருந்திருக்கு" என்றாள். அந்த ஆண்டுகளில் முதலீடு செய்திருந்த யாரும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 2020 ஜனவரி நடுவில் 42,000 புள்ளிகளை ஒட்டியிருந்த சென்செக்ஸ், கொரோனா பீதியில் மார்ச் 23 அன்று 26,000-க்கும் கீழே முடிந்தது. இரண்டே மாதத்தில் 38 சதவீத வீழ்ச்சி. ஆனால் டிசம்பர் முடிவுக்குள் இழந்ததையெல்லாம் மீட்டு 47,000-ஐத் தாண்டிவிட்டதால், ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் விலையைப் பார்க்கும் நம் கணக்கின் கண்ணுக்கு அந்தப் பள்ளம் படவே இல்லை. ஆக, திட்ட விலக்கம் என்ற எண்ணைத் தனியே சொல்வதில் பொருள் இல்லை. எந்தக் காலத்துக்கு, எந்த இடைவெளியில் விலையை எடுத்துக் கணக்கிட்டது என்ற இரண்டும் அதோடு ஒட்டியே வர வேண்டும்.

நம் நாட்டு ஃபண்டுகளின் ஃபேக்ட் ஷீட்டில் வரும் எண், பெரும்பாலும் கடந்த மூன்று ஆண்டுகளின் மாத வருமானங்கள் முப்பத்தாறிலிருந்து கணக்கிடப்படுவது. மாதக் கணக்கில் வரும் திட்ட விலக்கத்தை 12-இன் வர்க்கமூலமான 3.46-ஆல் பெருக்கினால் ஆண்டுக் கணக்குக்கு வரும். பன்னிரண்டால் பெருக்கக் கூடாது. ஒரு மாத ஏற்றமும் மறுமாத இறக்கமும் ஓரளவு ஒன்றையொன்று ஈடுசெய்துகொள்வதால் விலகல் காலத்தோடு அதே வேகத்தில் வளர்வதில்லை. மாதத்துக்கு 4 சதவீதம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 13.9. ஒரு திட்டம் 4 என்றும் இன்னொன்று 14 என்றும் காட்டினால், முதலாவது சாது என்று முடிவு கட்டும் முன் அடிக்குறிப்பைப் படித்து, ஒன்று மாதக் கணக்காகவும் மற்றது ஆண்டுக் கணக்காகவும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாண்டு சாளரம் செய்யும் குறும்பு இதைவிடச் சுவையானது. 2020 மார்ச் மாதத்தில் மட்டும் சென்செக்ஸ் 23 சதவீதம் விழுந்தது. மற்ற முப்பத்தைந்து மாதங்கள் மாதத்துக்கு 4 சதவீதத் திட்ட விலக்கத்தோடு சாதாரணமாக நடந்த ஒரு ஃபண்டை எண்ணிக்கொள்ளுங்கள். மாதச் சராசரி ஒரு சதவீதம் என்றால், அந்த ஒரு மாதத்தின் விலகல் 24. அதன் வர்க்கம் 576. முப்பத்தாறால் வகுத்தாலும் 16 வருகிறது. மற்ற எல்லா மாதங்களும் சேர்ந்து தரும் பங்கும் கிட்டத்தட்ட அதே 16-தான். ஆகவே ஒரே மாதம் மாதத் திட்ட விலக்கத்தை 4-இலிருந்து 5.6-க்கு உயர்த்திவிடும், ஆண்டுக் கணக்கில் 14-ஆக இருந்தது 19-ஐத் தாண்டிவிடும். பிறகு 2023 ஏப்ரலில் அந்த மார்ச் மாதம் மூன்றாண்டுச் சாளரத்துக்கு வெளியே போயிற்று. ஃபண்ட் மேலாளர் ஒரு பங்கைக்கூட மாற்றாமல் இருந்திருந்தாலும், ஃபேக்ட் ஷீட்டில் அவருடைய திட்டம் திடீரென்று சாந்தமாகிவிட்டதுபோல் தெரிந்திருக்கும். ஆகவே வெவ்வேறு மாதத்து ஃபேக்ட் ஷீட்டுகளை வைத்து இரு திட்டங்களை ஒப்பிடுவது வீண்வேலை. ஒரே தேதியில், ஒரே வகையைச் சேர்ந்த திட்டங்களை மட்டும் ஒப்பிடலாம். பெரிய நிறுவனப் பங்குத் திட்டத்தைச் சிறு நிறுவனப் பங்குத் திட்டத்தோடு ஒப்பிட்டால், திட்டங்களின் குணத்தைவிட அந்தச் சந்தைகளின் குணமே வெளிப்படும்.

இனி அவளுடைய 14.8-க்கு வருவோம். அது ஆண்டுக் கணக்கு என்பது அடிக்குறிப்பில் தெளிவாக இருந்தது. கணக்குக்காக இந்தத் திட்டத்தின் சராசரி வருமானம் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் (இது நான் வைத்துக்கொண்ட எண், யாரும் தந்த உறுதிமொழி அல்ல), வருமானங்கள் மணி வடிவ வளைகோட்டில் பரவியிருக்கும் என்ற அனுமானத்தின்படி, மூன்றில் இரண்டு ஆண்டுகளில் வருமானம் 12-இலிருந்து 15-க்கு உட்பட்ட தூரத்தில், அதாவது ஏறத்தாழ −3-க்கும் +27-க்கும் இடையில் இருக்கும். ஆறு ஆண்டுகளில் ஓர் ஆண்டு −3-க்கும் கீழே போகலாம். அதைப்போல் இரண்டு மடங்கு விலகல், அதாவது −18-க்கும் கீழான வீழ்ச்சி, நாற்பது ஆண்டுகளுக்கு ஒன்று. ஒரு லட்சம் ரூபாய் போட்டால், சாதாரணமான ஒரு கெட்ட ஆண்டில் அது 97,000-ஆகத் தெரியும்; அரிதான ஒரு கெட்ட ஆண்டில் 82,000-ஆகத் தெரியும்.

"அரிதான" என்ற சொல்லில்தான் சிக்கல். சந்தை மணி வடிவ வளைகோட்டைப் படித்துவிட்டு நடப்பதில்லை. அமைதியான காலங்களில் சென்செக்ஸின் தினசரித் திட்ட விலக்கம் ஏறத்தாழ ஒரு சதவீதம். வளைகோட்டின் கணக்குப்படி, ஐந்து மடங்கு விலகல் அளவுக்கு ஒரே நாளில் சந்தை விழுவது சுமார் 35 லட்சம் வணிக நாட்களில் ஒரு முறைதான் நடக்க வேண்டும், அதாவது 14,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை. 1875-இல் தொடங்கிய மும்பைப் பங்குச் சந்தைக்கு இப்போதுதான் 150 வயது. ஆனால் 2020 மார்ச் 23 அன்று, வணிகம் 45 நிமிடம் நிறுத்திவைக்கப்பட்ட பிறகும், சென்செக்ஸ் ஒரே நாளில் 13 சதவீதம் விழுந்தது. 2009 மே 18 அன்று, தேர்தல் முடிவு வந்ததும், 17 சதவீதம் ஏறியது. பெரிய நகர்வுகள் வளைகோடு அனுமதிப்பதைவிடப் பல மடங்கு அதிகமாக வருகின்றன. அவை வரும்போது தனியாக வராமல் அடுத்தடுத்துக் கூட்டமாகவும் வருகின்றன. ஆகவே −18 என்பதைத் தரை என்று எண்ணக் கூடாது. 2008-இல் முழுச் சந்தையும் அதற்கு வெகு கீழே போனதை முதல் அட்டவணையிலேயே பார்த்தோம்.

இதன் மறுபக்கமும் உண்டு. திட்ட விலக்கம் மிகக் குறைவாக இருப்பதே பாதுகாப்புக்குச் சான்று ஆகாது, ஏனென்றால் விலை குறிக்கப்படும்போதுதான் அது அசைவைக் காணும். எங்கள் கட்டடத்திலேயே பலர், ஊரில் வாங்கிப் போட்ட மனை ஒருபோதும் விலை இறங்கியதில்லை என்று உறுதியாகச் சொல்வார்கள். அந்த மனைக்குத் தினமும் யாரும் விலை சொல்வதில்லை என்பதே அந்த உறுதிக்குக் காரணம். ஃபண்டுகளிலும் இது நடந்திருக்கிறது. கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் திட்டங்களின் என்ஏவி, அதாவது ஒரு யூனிட்டின் மதிப்பு, பத்திரம் கொடுத்த நிறுவனம் வட்டியைத் தவறாமல் கட்டும் வரை ஏணிப்படிபோல் சீராக ஏறிக்கொண்டே இருக்கும். திட்ட விலக்கம் ஒன்று, இரண்டு என்றுதான் காட்டும். 2020 ஏப்ரலில் ஒரு பெரிய ஃபண்ட் நிறுவனம், தன் திட்டங்கள் வைத்திருந்த பத்திரங்களை வாங்க ஆள் இல்லாமல், இப்படிப்பட்ட ஆறு கடன் திட்டங்களை ஒரே நாளில் மூடுவதாக அறிவித்தது. போட்ட பணத்தைத் திரும்பப் பெற முதலீட்டாளர்கள் நெடுநாள் காத்திருக்க வேண்டியதாயிற்று. பணத்தை எடுக்க முடியுமா, கடன் திரும்பி வருமா என்ற கேள்விகளுக்கு, கடந்த மாதங்களின் விலைகளை மட்டும் வைத்துக் கணக்கிடும் ஓர் எண்ணால் விடை சொல்ல முடியாது. கடன் திட்டத்துக்கு அந்தப் பத்திரங்களின் தரமதிப்பீட்டையும் அவற்றை வெளியிட்ட நிறுவனங்களின் பட்டியலையும்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கடைசியில் அவள் அதே ஃபேக்ட் ஷீட்டில், திட்டத்தின் எண்ணுக்குப் பக்கத்தில் அதன் ஒப்பீட்டுக் குறியீட்டின் திட்ட விலக்கமும் தரப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்தாள், 13.9. திட்டம் சந்தையைவிடச் சற்றே அதிகம் ஊசலாடியிருக்கிறது, அவ்வளவுதான். பிறகு, இந்தப் பணம் எப்போது வேண்டும் என்று கேட்டேன். தம்பியின் கல்லூரிக் கட்டணத்துக்காக 40,000 ரூபாய் அடுத்த ஜூனில் வேண்டும், மீதி எப்போது வேண்டுமானாலும் என்றாள். 97,000-ஆகவும் 82,000-ஆகவும் அதற்குக் கீழும் தெரியக்கூடிய ஒன்றில் ஜூன் மாதக் கட்டணத்தை வைக்க முடியாது என்பதை அவளே சொல்லி, அந்த 40,000-ஐ வங்கி வைப்புக்கு ஒதுக்கிவிட்டு, மீதி 60,000-க்கு மட்டும் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கினாள்.